கறுப்புச் சட்டையில் வெள்ளைப் பொருக்கு: ஒரு ஸ்டீம் அயர்ன் பாக்ஸின் நிகழ்வு ஆய்வு

பெட்டி சாதாரண வகைதான். மேலே 300 மில்லி தண்ணீர்த் தொட்டி, கீழே துளைகள் உள்ள அடித்தட்டு, சூட்டைப் புள்ளிகளால் காட்டும் டயல், ஆவியைப் பீய்ச்ச ஒரு பட்டன், பக்கவாட்டில் செல்ஃப் கிளீன் என்று இன்னொரு பட்டன். வாங்கி இரண்டு வருடம் இருக்கும். வாரத்துக்கு மூன்று முறையாவது தொட்டி நிரம்பியிருக்கிறது, எப்போதும் குழாய்த் தண்ணீர்தான். வீட்டு மின்சாதனங்களைப் பழுதுபார்ப்பவன் என்பதால் என்னிடம் வந்தது. கொண்டுவந்த அக்கா சொன்னது இது: "வெள்ளைத் துணியில ஒண்ணும் தெரியல தம்பி. கறுப்புச் சட்டையை எடுத்தா சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி இருக்கு. வினிகர் ஊத்தி ஆவி விட்டா சரியாகும்னு சொன்னாங்க. விட்டேன். அதுக்கப்புறம்தான் இன்னும் கூடிப்போச்சு."

கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். அமிலம் ஊற்றிய பிறகு வெள்ளைத் தூள் கூடுவது அடிக்கடி நடக்கும். பலர் அந்தக் கட்டத்தில் பெட்டி கெட்டுவிட்டது என்று தூக்கி எறிகிறார்கள். உண்மையில் பாதி வேலை முடிந்து, மீதிப் பாதி செய்யப்படாமல் நிற்கிற நிலை அது.

பெட்டியில் கைவைக்கும் முன், வெள்ளை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஆவியை முழுவதும் அடைத்துவிட்டு, ஒரு கறுப்புப் பருத்தித் துணியை வெறும் சூட்டில் தேய்த்தேன். புள்ளி விழவில்லை. அலசலில் போகாத சோப்புத்தூளோ கஞ்சியோ துணியிலேயே இருந்திருந்தால் இப்போதே தெரிந்திருக்கும். அடுத்து அதே துணியைத் தொடாமல், ஒரு சாண் உயரத்தில் பெட்டியைப் பிடித்து ஆவி விட்டேன். முதல் சில வினாடிகளில் ஈரத்துளிகளோடு வெள்ளைத் துகள்கள் விழுந்தன. பீய்ச்சும் பட்டனை அழுத்தியதும் இன்னும் பெரிதாக, நகக்கீறல் அளவில், ஒருபக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருந்த பொருக்குகள் வந்தன. வழவழப்பான பக்கம் உலோகத்தோடு ஒட்டியிருந்த பக்கம். ஆக, உள்ளே சுவரிலிருந்து உரிந்து வருகிறது.

ஒரு பொருக்கை எடுத்து அதன் மேல் வினிகர் ஒரு சொட்டு விட்டேன். குமிழ் விட்டுப் பொங்கிக் கரைந்தது. அப்படியானால் அது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புப் படிவு. இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. பொங்காமல் அப்படியே கிடந்தால் அது சுண்ணாம்புப் படிவு இல்லை. ஆவி அறைக்குள் பூசப்பட்ட பூச்சு உரிந்ததாகவோ, அலுமினியம் அரித்து வந்த வெண்பொடியாகவோ இருக்கலாம். அவற்றுக்கு மேலும் அமிலம் ஊற்றினால் நிலைமை மோசமாகத்தான் ஆகும்.

உள்ளே என்ன நடக்கிறது

இந்த வகைப் பெட்டியில் தொட்டித் தண்ணீர் கொதிப்பதில்லை. தொட்டிக்கு அடியில் ஒரு சின்ன வால்வு இருக்கிறது. அதன் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அடித்தட்டுக்குள் இருக்கும் ஆவி அறையில் விழுகிறது. அறையின் தரை சூடான அலுமினியம். சொட்டு விழுந்ததும் பரவி ஆவியாகித் துளைகள் வழியே வெளியேறுகிறது. தண்ணீரில் கரைந்திருந்த உப்புகள் ஆவியோடு போக முடியாது, அறையிலேயே தங்கிவிடுகின்றன. அதிலும் கால்சியம் பைகார்பனேட் சூடு பட்டதும் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டு, தண்ணீரில் கரையாத கார்பனேட்டாக மாறித் தரையில் ஒட்டிக்கொள்கிறது.

அளவு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். இது கடின நீர்தான், ஆனால் அபூர்வமானது இல்லை. 300 மில்லி தொட்டி ஒருமுறை காலியானால் 90 மில்லிகிராம் மிச்சம். வாரம் மூன்று தொட்டி என்றால் வருடத்துக்குச் சுமார் 14 கிராம். அதில் கொஞ்சம் துளிகளோடு வெளியே போயிருக்கும். மீதி, உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஓர் அறைக்குள்தான் அடைந்து கிடக்கும்.

அது ஏன் ஒட்டியபடியே இருக்காமல் உரிகிறது? பெட்டி ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் அலுமினியம் விரிந்து சுருங்குகிறது. அதன் மேலே இருக்கும் சுண்ணாம்புத் தோல் அதே அளவுக்கு விரிவதில்லை. அதனால் வெடிக்கிறது, பொருக்குத் தட்டுகிறது, ஆவி வேகத்தில் கிளம்பிவிடுகிறது. தேய்க்கத் தொடங்கிய முதல் நிமிடத்தில் அதிகம் கொட்டுவதும், பீய்ச்சும் பட்டனை அழுத்தினால் கொட்டுவதும் இதனால்தான்.

இன்னொரு சங்கிலியும் இருக்கிறது. படிவு வெப்பத்தை நன்றாகக் கடத்தாது. தடித்த படிவின் மேல் விழுகிற சொட்டுக்கு அடியிலுள்ள உலோகத்தின் சூடு முழுதாக எட்டுவதில்லை. அதனால் பாதி ஆவியாகி, மீதி தண்ணீராகவே துளைக்கு ஓடுகிறது. பொருக்கைத் துணிவரை சுமந்து வருவது பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். வறண்ட ஆவியில் வருகிற தூளை உதறினால் போய்விடும். ஈரத்தோடு வந்து, அதன் மேலேயே சூடான தட்டும் ஓடினால்தான் நூலுக்குள் அழுந்திக் கறைபோல நிற்கிறது.

வினிகர் ஆவி ஏன் வேலை செய்யவில்லை

அக்கா செய்தது எல்லோரும் செய்வது. தொட்டியில் வினிகரும் தண்ணீரும் கலந்து ஊற்றி, சூட்டை உச்சத்தில் வைத்து, ஆவியாக விட்டிருக்கிறார். சிக்கல் எங்கே என்றால், அமிலம் படிவைக் கரைக்க அது திரவமாகப் படிவின் மேல் நின்று ஊற வேண்டும். உச்சச் சூட்டில் சொட்டு விழுந்த கணமே ஆவியாகிறது. காய்ந்த இரும்புச் சட்டியில் தெளித்த தண்ணீர் எத்தனை நேரம் நிற்கும்? அவ்வளவுதான் அமிலத்துக்குக் கிடைத்த நேரம். மேல்தோல் கொஞ்சம் அரிபட்டு, அடிப்பிடிப்பு தளர்ந்து, பொருக்குகள் கழன்றுவிட்டன. ஆனால் கழன்றதை அடித்துக்கொண்டு வெளியே தள்ளும் அளவுக்கு உள்ளே தண்ணீர் ஓடவே இல்லை. அடுத்த வாரம் கறுப்புச் சட்டை அந்த வேலையைச் செய்தது.

சிட்ரிக் ஆசிட் ஊற்றி இப்படி ஆவி விட்டால் இன்னும் மோசம். வினிகராவது ஆவியாகி வெளியே போகும். சிட்ரிக் ஆசிட் போகாது, அறைக்குள் தங்கி, அந்தச் சூட்டில் சிதைந்து பழுப்பு நிறப் பிசினாக மாறும். சுத்தம் செய்த மறுநாள் பழுப்புத் துளி விழுகிறது என்று சிலர் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

கரைப்பது ஒரு வேலை, வெளியே தள்ளுவது வேறு வேலை. முதலாவதற்கு மிதமான சூடு வேண்டும், இரண்டாவதற்கு உச்சச் சூடு வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் செய்யப் பார்த்ததுதான் இங்கே நடந்த கோளாறு.

முதலில் வெறும் தண்ணீர்

பல தயாரிப்பாளர்கள் தொட்டியில் வினிகரோ வேறு அமிலமோ ஊற்றக் கூடாது என்று கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள். வெறும் பயமுறுத்தல் இல்லை. அமிலம் அலுமினியத்தை அரிக்கும், ரப்பர் வளையங்களைக் கெடுக்கும். ஆவி அறைத் தரையில், சொட்டு உருண்டு ஓடாமல் பரவி ஆவியாவதற்காக ஒரு பூச்சு போட்டிருப்பார்கள். அது போய்விட்டால் படிவே இல்லாத பெட்டியும் தண்ணீர் கக்கும். ஆகவே உத்தரவாதக் காலம் முடியாத பெட்டியில் கையேடு சொல்வதைத் தாண்டிப் போகாதீர்கள். இந்தப் பெட்டிக்கு அந்தக் காலம் முடிந்திருந்தது. இருந்தாலும் செல்ஃப் கிளீனில்தான் தொடங்கினேன்.

தொட்டியை அதிகபட்சக் கோடுவரை குழாய்த் தண்ணீரால் நிரப்பி, ஆவி டயலை மூடி, சூட்டை உச்சத்தில் வைத்தேன். விளக்கு ஒருமுறை அணைந்து, மறுபடி எரிந்து அணையும்வரை காத்திருந்தேன். முதல்முறை அணையும்போது தட்டு முழுக்க ஒரே சூடாக இருக்காது. பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சிங்க் மேடையில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பேசினை வைத்து, அதற்கு மேல் பெட்டியைக் கிடையாகப் பிடித்து செல்ஃப் கிளீன் பட்டனை அழுத்தியபடி முன்னும் பின்னும் ஆட்டினேன். கறுப்பு பேசின் ஏன் என்றால், வெள்ளைப் பாத்திரத்தில் எது வந்தது, எவ்வளவு வந்தது என்று தெரியாது. கொதிநீரும் ஆவியும் சேர்ந்து பாயும், கை தூரமாக இருக்கட்டும்.

பேசினில் ஒரு பிடி மணல் போலப் பொருக்கு இறங்கியது. அக்கா ஏற்கெனவே கழற்றி வைத்திருந்தது அது. லேசாகப் படிந்த பெட்டி என்றால் இதை இரண்டு முறை செய்தால் போதும், கதை முடிந்தது. இங்கே முடியவில்லை. கறுப்புத் துணிச் சோதனையில் தூள் குறைந்திருந்தது, ஆனால் நிற்கவில்லை. தட்டின் முனைப் பக்கம் நாலைந்து துளைகளில் ஆவியே வரவில்லை.

ஊறவைத்தல்

200 மில்லி தண்ணீரில் 10 கிராம் சிட்ரிக் ஆசிட், அதாவது தலைதட்டிய அளவில் இரண்டு டீஸ்பூன் போட்டுக் கரைத்தேன். இது 5 சதவீதக் கரைசல், வெள்ளை வினிகரின் அமில அளவுக்குப் பக்கத்தில் இருக்கும். வினிகர் ஊற்றினாலும் தப்பில்லை, வாடை மட்டும் சில நாள் நிற்கும். இரண்டையும் கலக்கத் தேவையில்லை. கூடுதலாகப் போட்டால் சீக்கிரம் ஆகும் என்று கரண்டி கரண்டியாகக் கொட்டவும் வேண்டாம். 10 கிராம் சிட்ரிக் ஆசிட் கணக்குப்படி ஏழெட்டு கிராம் படிவைத்தான் தின்னும். எல்லாவற்றையும் கரைப்பது நம் நோக்கமும் இல்லை. அடிப்பிடிப்பைக் கரைத்தால் மேலே இருப்பது தானாகக் கழன்றுவிடும்.

அமிலத்தை ஊற்றும் முன் அறையின் சூட்டைக் குறைக்க வேண்டும். வெறும் தண்ணீரை ஊற்றி செல்ஃப் கிளீன் பட்டனை அழுத்தினால், முதலில் ஆவியாக வரும், பிறகு தண்ணீரே தட்டைக் குளிர்வித்துவிடும். ஆவி நின்று சொட்டு விழத் தொடங்கியதும் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கரைசலை ஊற்றினேன். சில பெட்டிகளில் சூடு குறைந்ததும் வால்வை மூடிவிடும் சொட்டுத்தடுப்பு இருக்கும். அவற்றில் இந்தக் கட்டத்தில் பட்டனை அழுத்தினாலும் எதுவும் இறங்காமல் போகலாம். அப்படியானால் வால்வு திறக்கிற அளவுக்குச் சூடாக்கி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சொட்டு வரும்வரை கரைசலையே விட வேண்டியதுதான். பின்னால் அலசுவதை ஒரு முறை கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு எவர்சில்வர் தட்டில் பழைய பருத்தித் துணியை மடித்துப் போட்டு, பெட்டியை அதன் மேல் கிடையாக வைத்தேன். அலுமினியத் தட்டு வேண்டாம். பிளக் வெளியே, தொட்டியின் மூடி திறந்திருக்க வேண்டும். படிவு கரையும்போது வாயு நிறைய வரும், அது வெளியேற வழி வேண்டும். பட்டனை அழுத்தியதும் கரைசல் அறைக்குள் இறங்கி, துளைகள் வழியே துணியை நனைத்துத் தட்டில் தேங்கியது. தேங்கியது துளைகளை மூடினால் போதும், ஒரு விரல் கனம்கூட வேண்டாம். பெட்டியின் பிளாஸ்டிக் உடல்வரை திரவம் ஏறக் கூடாது. சில நிமிடத்துக்கு ஒருமுறை பட்டனைத் தொட்டு இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டேன்.

இந்த நேரத்தில் காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் உள்ளே 'உஸ்' என்று மெல்லிய சத்தம் கேட்கும். துணியின் ஓரத்தில் நுரை கட்டும். வேலை நடக்கிறது என்பதற்கு இதுதான் அடையாளம். இருபது நிமிடத்தில் சத்தம் அடங்கியது. ஒன்று அமிலம் தீர்ந்திருக்கும், இல்லையென்றால் படிவு தீர்ந்திருக்கும். எது என்று பார்க்க, தட்டில் தேங்கியிருந்த கரைசலில் ஒரு பழைய பொருக்கைப் போட்டேன். மந்தமாகத்தான் குமிழ் விட்டது, அதாவது அமிலம் தீர்ந்திருக்கிறது. புதிதாக ஒருமுறை கரைத்து ஊற்றினேன். அரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று விடுகிறவர்கள் படிவைவிட அலுமினியத்தைத்தான் அதிகம் கரைக்கிறார்கள்.

அலசல்

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கரைந்த படிவு இப்போது கால்சியம் சிட்ரேட்டாகத் தண்ணீரில் இருக்கிறது. இது சூடான தண்ணீரில், குளிர்ந்த தண்ணீரைவிடக் குறைவாகக் கரையும் பொருள். அவசரப்பட்டு உடனே சூடாக்கினால் புது வெள்ளை வீழ்படிவாகி மறுபடி அறையில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் முதல் அலசல் ஆறிய தண்ணீரில்தான். தொட்டியை நிரப்பி, பட்டனை அழுத்தி, முழுவதும் ஓடவிட்டு, மறுபடி நிரப்பி ஓடவிட்டேன். போதுமா என்று பார்க்க, துளையிலிருந்து விழும் சொட்டைக் கொஞ்சம் சமையல் சோடாவின் மேல் பிடித்தேன். பொங்கினால் அமிலம் இன்னும் இருக்கிறது. பொங்காமல் சும்மா நனைந்த பிறகுதான் பிளக்கைச் செருகினேன்.

அப்புறம் உச்சச் சூட்டில் செல்ஃப் கிளீன், முன்பு செய்த மாதிரியே. முதல் ஓட்டத்தில் பேசினுக்கு வந்தது ஆச்சரியமாக இருந்தது. மணல் போல இல்லாமல், சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தகடு தகடாக வந்து விழுந்தது. ஓரிரண்டு தகடு துளைக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டது. அதை ஆறிய பிறகு மரப்பல்குச்சியால் தட்டி உடைத்தேன். ஊசியால் குத்தினால் துளையின் விளிம்பு கீறும், பிறகு அது துணியை இழுக்கும். பேசினில் புதிய பொருக்கு விழாத வரைக்கும் இந்த ஓட்டத்தைத் திரும்பச் செய்தேன். கடைசியாக அடித்தட்டை ஈரத்துணியால் துடைத்து, பழைய துணியின் மேல் இரண்டு மூன்று நிமிடம் ஆவியோடு ஓட்டியாயிற்று.

கறுப்புத் துணிச் சோதனையில் பொருக்கு இல்லை. முனைத் துளைகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் ஆவி வந்தது. அந்த ஒன்று அடைந்தே இருக்கிறது. அதற்காக இன்னொரு முறை அமிலம் ஊற்ற நான் தயாராக இல்லை.

ஆனாலும் ஒரு துளி

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன், அக்காவையே தேய்த்துக் காட்டச் சொன்னேன். பாலியஸ்டர் சட்டை என்பதால் டயலை ஒற்றைப் புள்ளியில் வைத்து, ஆவியையும் திறந்துவிட்டார். துளையிலிருந்து தண்ணீர் சொட்டியது. இது படிவுக் கோளாறு இல்லை. ஒற்றைப் புள்ளிச் சூட்டில் அறை, விழுகிற தண்ணீரை முழுதாக ஆவியாக்காது. இந்த வகைப் பெட்டிகளில் பெரும்பாலும் இரண்டு புள்ளிக்கு மேல்தான் ஆவியைத் திறக்கலாம். அதற்குக் கீழே தேய்க்க வேண்டிய துணிக்கு, ஆவியை மூடிவிட்டு, தண்ணீரைத் தெளித்துத் தேய்ப்பதே நல்லது. இந்தப் பழக்கத்தை மாற்றாவிட்டால், கொஞ்சம் படிவு சேர்ந்தாலும் அந்தச் சொட்டு அதை நேராகச் சட்டைக்குக் கொண்டுவந்துவிடும்.

தேய்த்து முடித்ததும் தொட்டியில் தண்ணீரோடு பெட்டியைப் படுக்க வைக்கிற வழக்கமும் இருந்தது. தண்ணீர் மெல்ல அறைக்குள் கசிந்து, துளை விளிம்பிலேயே காய்ந்து உப்பாகும். மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பெட்டியை நிமிர்த்தி வைத்து ஆறவிட வேண்டும்.

எந்தத் தண்ணீர்

கடின நீர் உள்ள வீட்டில் டிஸ்டில்டு வாட்டரையும் குழாய்த் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலப்பது பல கையேடுகள் சொல்லும் வழி. படிவு சேரும் வேகமும் ஏறக்குறைய பாதியாகும். முழுக்க டிஸ்டில்டு ஊற்றலாமா என்பது பெட்டியைப் பொறுத்தது. சில தயாரிப்பாளர்கள் அனுமதிக்கிறார்கள், சிலர் கூடாது என்கிறார்கள். கையேட்டின் அந்த வரியைப் படித்துவிடுங்கள். ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு குறைவு என்பதால் நல்லதே.

உப்பு போட்டு இயங்கும் சாஃப்ட்னர் வழியாக வரும் தண்ணீர்தான் பலரை ஏமாற்றுகிறது. அதில் கால்சியம் இருக்காது, அதன் இடத்தில் சோடியம் இருக்கும். ஆவியான பிறகு சோடியம் கார்பனேட் மிஞ்சும். அதுவும் வெள்ளைத் தூள்தான், கூடவே காரத்தன்மையால் அலுமினியத்தையும் அரிக்கும். டிடிஎஸ் மீட்டரை நம்பியும் பயனில்லை. கரைந்திருக்கும் உப்புகள் மொத்தம் எவ்வளவு என்பதற்கு ஒரு மதிப்பீட்டைத்தான் அது தரும், கால்சியமா சோடியமா என்று சொல்லாது. ஏசியிலிருந்து வடியும் தண்ணீரில் உப்பு இல்லை என்றாலும், குளிர்சுருளின் தூசியும் அழுக்கும் சேர்ந்து வரும், அவை சூட்டில் கருகிப் பழுப்புத் துளியாக விழும். வாசனைத் திரவியம் கலந்த தண்ணீருக்கும் அதே கதி.

இந்தப் பெட்டிக்கு நான் சொல்லி அனுப்பியது பாதிக்குப் பாதி தண்ணீர், மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரில் செல்ஃப் கிளீன். அமிலம், பொருக்கு மறுபடி தெரிந்தால் மட்டும்.

தனித் தொட்டியும் குழாயும் உள்ள, உள்ளே அழுத்தத்தில் கொதிக்கிற பாய்லர் வகைக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அதில் படிவு பாய்லருக்குள் அடியில் சேரும், அடைப்புத் திருகைக் கழற்றிக் கழுவி ஊற்ற வேண்டும். சூடு இருக்கும்போது அந்தத் திருகைத் தொடக் கூடாது. பிளக்கைப் பிடுங்கி, கையேடு சொல்லும் நேரம், பொதுவாகக் குறைந்தது இரண்டு மணி நேரம், ஆறவிட்ட பிறகுதான்.

அக்கா கொண்டுவந்த சட்டையில் ஏற்கெனவே அழுந்தியிருந்த புள்ளிகளுக்கு: ஈரத்தில் தேய்க்காமல் நன்றாகக் காயவிட்டு, மென்மையான பிரஷால் நூலின் போக்கிலேயே தட்டினோம். பெரும்பாலானவை உதிர்ந்தன. உதிராதவற்றுக்கு, ஒரு பங்கு வினிகரில் மூன்று பங்கு தண்ணீர் கலந்து, சாயம் போகிறதா என்று உள்மடிப்பில் பார்த்துவிட்டு, பஞ்சால் ஒற்றினோம். ஒரு நிமிடத்தில் கரைந்துவிட்டது. பிறகு வெறும் தண்ணீரில் அலசிக் காயப்போட்டு, ஆவி இல்லாமல் தேய்த்தால் போதும்.